ஏழு போலி நியாயங்கள்: விளம்பரத்திலும் அரசியலிலும் அடையாளம் காண ஒரு கற்கை அட்டைத் தொகுப்பு

“அது நடந்ததற்கு ஆதாரம் இல்லை. ஆகவே அது நடக்கவில்லை.”

இந்த இரண்டு வாக்கியங்களையும் எமது மக்கள் ஆணைக்குழுக்களின் முன்னாலும், பிரதேச செயலகங்களிலும், தொலைக்காட்சி நேர்காணல்களிலும் பலமுறை கேட்டிருக்கிறார்கள். கேட்கும்போது ஏதோ தவறு இருப்பதாக மனம் சொல்லும். ஆனால் எங்கே தவறு என்று உடனே சொல்ல வராது. அந்தத் தவறுக்கு அளவையியலில் ஒரு பெயர் இருக்கிறது. பெயர் தெரிந்தால், அடுத்து என்ன கேள்வி கேட்கவேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

ஒருவர் சொல்லும் காரணத்துக்கும் அவர் எட்டும் முடிவுக்கும் இடையில் உள்ள இணைப்பு, பார்வைக்கு உறுதியாகவும் உண்மையில் பலவீனமாகவும் இருந்தால் அதைப் ‘போலி’ என்கிறோம். தமிழுக்கு இது புதிய சொல் அல்ல. பக்கப் போலி, ஏதுப் போலி, திட்டாந்தப் போலி என்று மணிமேகலைக் காப்பியமே வகை பிரித்திருக்கிறது. உயர்தரத்தில் அளவையியலும் விஞ்ஞான முறையும் கற்கும் மாணவர்களுக்கும் இது பழக்கமான பகுதிதான்.

போலிகளில் ஒரு வகை, வாக்கியங்களின் வடிவத்திலேயே பிழை உள்ளவை. மற்ற வகையில் வடிவம் சரிபோலத் தோன்றும். பிழை உள்ளடக்கத்தில் இருக்கும். விளம்பரமும் அரசியலும் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையையே பயன்படுத்துகின்றன. அவற்றுள் ஏழு கீழே தரப்படுகின்றன. அட்டையின் முன்பக்கத்தில் பெயரையும், பின்பக்கத்தில் வடிவத்தையும் கேள்வியையும் எழுதிக்கொள்ளலாம். பாடநூலுக்குப் பாடநூல் பெயர்கள் சற்று மாறலாம். வடிவத்தை நினைவில் வைத்திருந்தால் போதும்.

அட்டை 1: அறியாமையிலிருந்து முடிவு

வடிவம்: ‘இல்லை’ என்று யாரும் நிரூபிக்கவில்லை, ஆகவே உண்டு. அல்லது, ‘உண்டு’ என்று யாரும் நிரூபிக்கவில்லை, ஆகவே இல்லை.

கேள்வி: யாராவது முறையாகத் தேடினார்களா? தேடியிருந்தால் கிடைத்திருக்குமா?

விளம்பர வரலாற்றில் இதற்குப் பெயர்போன உதாரணம் 1954 ஜனவரி 4ஆம் திகதி அமெரிக்காவில் வெளிவந்தது. சிகரெட் கம்பனிகள் ஒன்றுசேர்ந்து 400க்கும் மேற்பட்ட பத்திரிகைகளில் ஒரு முழுப்பக்க அறிக்கையை வெளியிட்டன. நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைத்தல்தான் காரணம் என்பதற்கு நிரூபணம் இல்லை என்பது அதன் சாரம். ‘புகைத்தல் பாதுகாப்பானது’ என்று அவை நிரூபிக்கவில்லை. நிரூபிக்கவேண்டிய அவசியம் தமக்கு இருப்பதாகவும் காட்டிக்கொள்ளவில்லை. ‘இன்னும் உறுதியாகவில்லை’ என்ற எண்ணத்தை மட்டும் வாசகர் மனதில் விட்டுச்சென்றன. புகைத்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை அமெரிக்க அரசின் தலைமை வைத்திய அதிகாரியின் அறிக்கை 1964இல் அறிவிக்கும்வரை பத்து ஆண்டுகள் கடந்தன.

எமது நாட்டில் இதே போலி மறுதிசையில் பயன்பட்டது. 2020 ஏப்ரலில் வெளியான வர்த்தமானி, கொவிட் தொற்றினால் இறந்தவர்களின் உடல்களைத் தகனம் செய்வதைக் கட்டாயமாக்கியது. அடக்கம் செய்தால் நிலத்தடி நீரில் வைரஸ் கலக்கலாம் என்பது சொல்லப்பட்ட காரணம். அடக்கம் செய்யலாம், தகனமும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அப்போதே இருந்தது. ஆனால் விவாதம் எப்படி நடந்தது? “நீரில் கலக்காது என்று உங்களால் உறுதி சொல்லமுடியுமா?” என்று கேட்கப்பட்டது. எதுவும் நூறு வீதம் நடக்காது என்று யாராலும் உறுதி சொல்லமுடியாது. அந்த இயலாமையே தடைக்குச் சான்றாக மாற்றப்பட்டது.

அந்த மாதங்களில், பிறந்து 20 நாட்களே ஆன ஒரு முஸ்லிம் குழந்தையின் உடலும் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாகத் தகனம் செய்யப்பட்டது. 2021 பெப்ரவரி இறுதியில் தடை நீக்கப்பட்டது. அடக்கத்துக்கு முதலில் இரணைதீவு தெரிவானபோது, அங்கு மீள்குடியேறியிருந்த தமிழ் மீனவ மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பின்னர் ஓட்டமாவடியில் இடம் ஒதுக்கப்பட்டது. 2024 ஜூலையில் அமைச்சரவை இந்தக் கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கோரியது. ஒரு போலி நியாயம் ஏறத்தாழ பத்து மாதங்கள் சட்டமாக நின்றதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

‘ஆதாரம் இல்லை’ என்பது எப்போதும் போலியா? இல்லை. இலங்கையில் உள்நாட்டில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். காய்ச்சல் வந்தவர்களின் இரத்தம் தொடர்ந்து பரிசோதிக்கப்பட்டது. புதிய உள்நாட்டுத் தொற்று அகப்படவில்லை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. இங்கேயும் ‘காணவில்லை, ஆகவே இல்லை’ என்றுதான் முடிவு எட்டப்பட்டது. ஆனால் முறையாகத் தேடியபின் எட்டப்பட்டது. தோண்டாத நிலத்தையும், திறக்காத கோப்பையும், விசாரிக்காத சாட்சியையும் வைத்துக்கொண்டு ‘ஆதாரம் இல்லை’ என்று சொல்வதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

அட்டை 2: பின்னால் வந்தது, ஆகவே அதனால் வந்தது

வடிவம்: முதலில் அ நடந்தது. பிறகு ஆ நடந்தது. ஆகவே அ தான் ஆ வுக்குக் காரணம்.

கேள்வி: அ நடக்காமல் விட்டிருந்தால் ஆ நடந்திராதா?

2020 டிசெம்பரில் கேகாலை மாவட்டத்தில் ஒரு நாட்டு வைத்தியர் தயாரித்த பாணியை வாங்க ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். கொவிட்டைக் குணப்படுத்தும் என்று அது சொல்லப்பட்டது. “குடித்தேன், சில நாட்களில் சுகமாகிவிட்டது” என்று சிலர் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லியிருக்கவேண்டிய அவசியம் இல்லை. குடித்ததும் உண்மை, சுகமானதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் கொவிட் தொற்றியவர்களில் மிகப் பெரும்பாலானோர் எதுவும் குடிக்காமலே சுகமடைந்தார்கள். தேநீர் குடித்தவர்களும் சுகமடைந்தார்கள். தேநீரை யாரும் மருந்து என்று சொல்லவில்லை.

இதைச் சோதிக்க வழி ஒன்றுதான். குடித்த ஒரு கூட்டத்தையும், வயதிலும் நோயின் கடுமையிலும் அவர்களை ஒத்த, குடிக்காத ஒரு கூட்டத்தையும் ஒப்பிடவேண்டும். ஒப்பீடு இல்லாத ‘சுகமானேன்’ என்ற சாட்சியம் எத்தனை ஆயிரம் வந்தாலும் அது காரணத்தைக் காட்டாது. முகப்பூச்சு விளம்பரங்களில் வரும் ‘பாவிக்க முன், பாவித்த பின்’ படங்களுக்கும் இதே கேள்விதான். வெளிச்சம் மாறியிருக்கலாம், ஒப்பனை மாறியிருக்கலாம், நான்கு வாரம் கழிந்தால் சில பருக்கள் தாமாகவே ஆறியுமிருக்கலாம்.

அரசியலில் இது இன்னும் இலகுவாக வேலை செய்யும். “எங்கள் ஆட்சியில்தான் பொருட்களின் விலை குறைந்தது” என்பார் ஒருவர். அதே காலத்தில் உலகச் சந்தையில் எரிபொருள் விலை குறைந்திருந்தால் அதை அவர் சொல்லமாட்டார். எந்த ஆட்சிக்கும் இது பொருந்தும். நாம் வாக்களித்த ஆட்சியையும் இதே கேள்வியால்தான் அளக்கவேண்டும்.

அட்டை 3: பொருந்தாத சாட்சி

வடிவம்: பெரிய மனிதர் ஒருவர் சொல்கிறார் அல்லது செய்கிறார், ஆகவே அது சரி.

கேள்வி: அவர் நிபுணராக இருக்கும் துறை இதுதானா? அவர் எப்படி அதை அறிந்தார்? அவருக்கு யார் பணம் கொடுத்தார்கள்?

1946இல் அமெரிக்காவில் கமல் என்ற சிகரெட்டுக்கு ஒரு விளம்பரத் தொடர் தொடங்கியது. மற்ற எந்த சிகரெட்டையும்விட வைத்தியர்கள் அதிகமாகப் புகைப்பது இதைத்தான் என்று அது சொன்னது. வெள்ளை மேலங்கி அணிந்த வைத்தியரின் படமும் கூடவே இருந்தது. வைத்தியர்களைக் கேட்டே இந்த முடிவுக்கு வந்ததாகவும் சொல்லப்பட்டது. கேட்ட விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. வைத்திய மாநாடுகளுக்கு வந்தவர்களுக்கு அந்த சிகரெட் இலவசமாகக் கொடுக்கப்பட்டது. பிறகு, “நீங்கள் எந்த சிகரெட் பாவிக்கிறீர்கள்?” என்று அவர்களிடம் கேட்கப்பட்டது.

கேட்ட முறை நேர்மையாக இருந்திருந்தாலும் போலி போலிதான். ஒரு வைத்தியர் என்ன புகைக்கிறார் என்பது அவருடைய பழக்கம். அது அவருடைய வைத்திய முடிவு அல்ல.

முன் அட்டையில் சொன்ன பாணிக்கும் இப்படி ஒரு சாட்சி கிடைத்தது. அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி அதைப் பகிரங்கமாக அருந்தினார். சுகாதார அமைச்சர் என்ற பதவி ஒரு நிர்வாகப் பதவி. மருந்தைச் சோதித்து அறிந்த தகுதி அதனால் வந்துவிடாது. 2021 ஜனவரியில் அவருக்குத் தொற்று உறுதியானது. இதில் ஒரு நுணுக்கத்தையும் கவனிக்கவேண்டும். அவருக்குத் தொற்று வந்ததை மட்டும் வைத்து ‘பாணி வேலை செய்யாது’ என்று முடிவெடுத்தால், ஒரே ஒருவரை வைத்து முடிவெடுத்த அதே தவறை நாமும் செய்கிறோம். பாணி வேலை செய்தது என்பதற்கு முறையான சோதனைச் சான்று இருக்கவில்லை என்பதுதான் சரியான மறுப்பு.

எல்லா அதிகாரத்தையும் சந்தேகிக்கச் சொல்வதல்ல இந்த அட்டை. இருதய நோய் பற்றி இருதய வைத்திய நிபுணர் சொல்வதைக் கேட்பது நியாயமானது. அவர் காணி வாங்கச் சொல்லும் விளம்பரத்தில் வந்தால் அவருடைய பட்டம் அங்கே பயன்படாது.

அட்டை 4: வைக்கோல் வெருளி

வடிவம்: எதிராளி சொன்னதை விட்டுவிட்டு, அவர் சொல்லாத ஒன்றை அவர் சொன்னதாகக் காட்டி, அதை அடித்து வீழ்த்துதல்.

கேள்வி: அவர் உண்மையில் என்ன சொன்னார்? எழுத்தில் காட்டமுடியுமா?

வயலில் நிற்கும் வெருளியை அடிப்பது இலகு. அது திருப்பி அடிக்காது. விளம்பரங்களில் ஒரு பக்கம் புதிய சவர்க்காரத் தூள், மறுபக்கம் பெயரில்லாத ‘சாதாரண தூள்’ என்று வருவது இந்த வெருளிதான். உண்மையான போட்டிப் பொருளோடு அவர்கள் மோதுவது குறைவு.

அரசியலில் இதற்கு 1957 ஜூலை 26ஆம் திகதிய பண்டாரநாயக்க – செல்வநாயகம் ஒப்பந்தத்துக்கு நேர்ந்ததைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

ஒப்பந்தம் சொன்னது என்ன? பிரதேச சபைகள் அமைக்கப்படும். வடமாகாணம் ஒரு பிரதேசமாகவும், கிழக்கு இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பிரதேசங்களாகவும் இருக்கும். விவசாயம், காணி, குடியேற்றம், கல்வி, சுகாதாரம், மீன்பிடி போன்ற விடயங்களில் சபைகளுக்கு அதிகாரம் கொடுக்கப்படும். அந்த அதிகாரத்தை நாடாளுமன்றமே சட்டத்தின் மூலம் வழங்கும். சமஷ்டி அரசியலமைப்புப் பற்றியோ, அரச கரும மொழிச் சட்டத்தை நீக்குவது பற்றியோ பேசமுடியாது என்ற பிரதமரின் நிலைப்பாடும் அதிலேயே பதிவாகியிருந்தது.

எதிர்த்தவர்கள் தாக்கியது என்ன? நாடு பிரிக்கப்படுகிறது, தமிழருக்கு எழுதிக் கொடுக்கப்படுகிறது என்ற ஒன்றை. 1957 ஒக்டோபரில் ஜே.ஆர். ஜெயவர்தன கொழும்பிலிருந்து கண்டி நோக்கி ஒரு பாதயாத்திரையைத் தொடங்கினார். அது இம்புல்கொடவில் தடுத்து நிறுத்தப்பட்டது. 1958 ஏப்ரலில் பிரதமர் ஒப்பந்தத்தைக் கைவிட்டார். கைவிடப்பட்டது பிரதேச சபை. ஆனால் வீதிகளில் அடித்து வீழ்த்தப்பட்டது ‘பிரிவினை’ என்ற வெருளி.

“இன்று பிரதேச சபை கொடுத்தால் நாளை தனிநாடு” என்ற வாதத்தையும் இதோடு குழப்பக்கூடாது. அது ‘வழுக்குச் சரிவு’ என்ற வேறொரு போலி. வெருளியில் எதிராளி சொன்னதே மாற்றப்படுகிறது. சரிவில், அவர் சொன்னது ஏற்கப்பட்டு, அது தவிர்க்கமுடியாமல் எங்கோ கொண்டுபோகும் என்று சொல்லப்படுகிறது. சரிவுக்குக் கேட்கவேண்டிய கேள்வி வேறு: ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு எது தள்ளும்? இடையில் நிற்க முடியாது என்பதற்கு என்ன சான்று?

நாமும் வெருளி கட்டுகிறோம் என்பதை அட்டையின் ஓரத்தில் எழுதிவைப்பது நல்லது. மாகாண சபையில் இருக்கும் அதிகாரத்தை முதலில் பயன்படுத்துவோம் என்று ஒருவர் சொன்னால், ‘இவர் தீர்வே வேண்டாம் என்கிறார்’ என்று பதில் வருவதை எமது மேடைகளிலும் கேட்டிருக்கிறோம்.

அட்டை 5: இரண்டே வழி

வடிவம்: இது, அல்லது அது. வேறு வழி இல்லை. அது கூடாது, ஆகவே இது.

கேள்வி: மூன்றாவது ஒன்று இருக்கிறதா?

2001 செப்டெம்பர் 20ஆம் திகதி அமெரிக்க காங்கிரஸில் பேசிய ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ், உலக நாடுகள் ஒன்றில் தம் பக்கம் அல்லது பயங்கரவாதிகள் பக்கம் என்று பிரித்தார். இரண்டு பக்கமும் இல்லாமல், பயங்கரவாதத்தையும் போரையும் ஒருங்கே எதிர்த்தவர்களுக்கு அந்தப் பேச்சில் இடம் இருக்கவில்லை.

2009 மே 19ஆம் திகதி நாடாளுமன்றத்தில் உரையாற்றிய ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ, இனிச் சிறுபான்மையினர் என்று யாரும் இல்லை என்றார். நாட்டை நேசிப்போர், நேசிக்காதோர் என்ற இரு பிரிவினரே உண்டு என்றார். கேட்பதற்கு அனைவரையும் அணைப்பதுபோல இருக்கும். ஆனால் நாட்டை நேசித்துக்கொண்டே, தன் காணியையும் தன் பிள்ளையையும் பற்றிக் கேள்வி கேட்கும் ஒருவர் இந்த இரண்டு பெட்டிகளில் எதற்குள் போவார்? கேள்வி கேட்டவுடன் இரண்டாவது பெட்டிக்குள் தள்ளப்படுவார். இந்தப் போலியின் வேலை அதுதான்.

‘தியாகி, துரோகி’ என்று எம்மிடையே புழங்கும் பிரிப்பும் இதே வடிவம்தான். அந்த இரு சொற்களுக்கும் இடையில்தான் எம்மில் பெரும்பாலானோர் வாழ்ந்தோம்.

வெளிநாட்டு வேலைக்கும் படிப்புக்கும் ஆள் சேர்க்கும் விளம்பரங்கள் இந்தப் போலியை அவசரத்தோடு சேர்க்கும். ‘இன்றே பதிவுசெய்யுங்கள், அல்லது வாய்ப்பை இழந்துவிடுங்கள்.’ நாளை விசாரித்துவிட்டுப் பதிவுசெய்வது என்ற மூன்றாவது வழியை மறைப்பதே அந்த அவசரத்தின் நோக்கம்.

அட்டை 6: நீயும் தானே

வடிவம்: நீ குற்றம் சாட்டுகிறாய். ஆனால் நீயும் அதையே செய்தாய். ஆகவே உன் குற்றச்சாட்டு செல்லாது.

கேள்வி: அவரும் செய்தார் என்றே வைத்துக்கொள்வோம். கேட்ட கேள்விக்குப் பதில் என்ன?

இறுதிப்போர் பற்றிய கேள்வி ஜெனீவாவில் எழும்போதெல்லாம் கொழும்பிலிருந்து ஒரு பதில் வரும்: ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அமெரிக்கா செய்தது என்ன? அது கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் ஈராக்கில் குண்டு விழுந்தது உண்மை என்பதால் முள்ளிவாய்க்காலில் விழுந்த குண்டு பொய்யாகிவிடாது. குற்றம் சாட்டுபவரின் கை கறைபட்டிருந்தால், அவர் நீதிபதியாக இருக்கத் தகுதியற்றவர் என்று வாதிடலாம். குற்றம் நடக்கவில்லை என்று வாதிடமுடியாது.

2015 செப்டெம்பரில் வெளியான ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகத்தின் விசாரணை அறிக்கை, அரச படைகளின் எறிகணைத் தாக்குதல்களையும் பதிவுசெய்தது. விடுதலைப் புலிகள் சிறுவர்களைச் சேர்த்ததையும், மக்கள் வெளியேறுவதைத் தடுத்ததையும் பதிவுசெய்தது. முதலாவதைப் பேசினால் ஒரு தரப்பு இரண்டாவதைக் காட்டும். இரண்டாவதைப் பேசினால் மறுதரப்பு முதலாவதைக் காட்டும். இருவரும் சொல்வது உண்மைதான், ஆனால் இருவரும் பதில் சொல்லவில்லை. பலவந்தமாகக் கொண்டுபோகப்பட்ட மகளைப் பற்றிக் கேட்கும் தாய்க்கும், வட்டுவாகலில் படையினரிடம் ஒப்படைத்த மகனைப் பற்றிக் கேட்கும் தாய்க்கும் ‘அவர்களும் தானே’ என்பது விடை அல்ல.

அட்டை 7: ஒரு சொல், இரு பொருள்

வடிவம்: ஒரு சொல்லை ஒரு பொருளில் தொடங்கி, வேறொரு பொருளில் முடித்தல்.

கேள்வி: இந்தச் சொல் இரண்டு இடத்திலும் ஒன்றையே குறிக்கிறதா?

நுண்கடன், லீசிங் விளம்பரங்களில் வரும் ‘வட்டி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஒரு துண்டுப்பிரசுரம் சொல்கிறது: ஒரு லட்சம் ரூபா கடன், ஆண்டு வட்டி 24 வீதம், 12 மாதத் தவணை. கணக்கு நேரடியாக இருக்கிறது. ஒரு லட்சத்துக்கு 24,000 ரூபா வட்டி. மொத்தம் 1,24,000. மாதம் சுமார் 10,333 ரூபா.

ஆனால் முதல் மாதமே நீங்கள் திருப்பிக் கட்டத் தொடங்கிவிடுகிறீர்கள். ஆறாம் மாதத்தில் உங்கள் கையில் இருப்பது கடனின் ஏறத்தாழ அரைவாசிதான். கடைசி மாதத்தில் பத்தாயிரம் ரூபா அளவுதான். வட்டியோ கடைசிவரை முழு ஒரு லட்சத்துக்கும் அறவிடப்படுகிறது. கட்டக் கட்டக் குறையும் மீதிக்கு மட்டும் வட்டி கணக்கிடும் முறையில் இதே தவணையைப் பார்த்தால், ஆண்டு வட்டி ஏறத்தாழ 42 வீதம் வருகிறது.

துண்டுப்பிரசுரம் பொய் சொல்லவில்லை. ‘24 வீதம்’ என்பது ஒரு வகைக் கணக்கில் சரி. ஆனால் வாசிப்பவர் அதை, குறைந்துசெல்லும் மீதிக்கு 28 வீதம் கேட்கும் வேறொரு கடனோடு ஒப்பிட்டு, ‘இது மலிவு’ என்று முடிவெடுக்கிறார். அந்த இடத்தில் ஒரே சொல் இரண்டு பொருளில் பயன்பட்டுவிட்டது. கையெழுத்திடமுன் கேட்கவேண்டியது: “வட்டி முழுத்தொகைக்கா, மீதித்தொகைக்கா? நான் மொத்தமாக எவ்வளவு கட்டுவேன்?”

அரசியலில் இந்தப் போலி எம் மக்களைத் தொடும் இடம் ‘காணாமல்போனோர்’ என்ற சொல். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தின் வரைவிலக்கணத்துக்குள் போர்க்களத்தில் காணாமற்போன படையினரும் வருகிறார்கள், மோதலின்போது தொடர்பு அறுந்தவர்களும் வருகிறார்கள், வலிந்து காணாமல் ஆக்கப்பட்டவர்களும் வருகிறார்கள். உதவி வழங்குவதற்கு அந்த விரிவு நல்லது. ஆனால் விவாதத்தில் அது வழுக்கிவிடும். ‘போரில் காணாமல்போவது எந்த நாட்டிலும் நடப்பது’ என்று தொடங்கும் பேச்சு, ‘ஆகவே இவர்களுக்கு நடந்ததும் அதுவே’ என்று முடியும். சண்டையின் நடுவே தொலைந்தவரும், சாட்சிகள் பார்த்திருக்கப் பேருந்தில் ஏற்றப்பட்டவரும் ஒரே சொல்லுக்குள் போய்விடுகிறார்கள். ‘போனோர்’ அல்ல ‘ஆக்கப்பட்டோர்’ என்று குடும்பங்கள் பிடிவாதமாகத் திருத்துவதற்குக் காரணம் இதுதான். இரண்டாவது சொல்லில் மட்டுமே ‘யார் செய்தது?’ என்ற கேள்வி உயிரோடு இருக்கிறது.

அட்டைகளின் பின்னால் எழுதவேண்டிய ஒன்று

வாதம் போலி என்பதால் முடிவு பொய் என்று ஆகிவிடாது. இதுவும் ஒரு போலிதான். அட்டைகளைப் படித்து முடித்த மாணவர்கள் முதலில் விழுவது இதிலேதான். ஒருவர் மோசமான காரணத்தைச் சொல்லி ஓர் உண்மையான முடிவுக்கு வரலாம். போலியைக் கண்டுபிடித்தால் நாம் சொல்லக்கூடியது, “நீங்கள் தந்த காரணம் இந்த முடிவைத் தாங்கவில்லை, வேறு காரணம் இருந்தால் தாருங்கள்” என்பது மட்டுமே.

பயிற்சிக்கு ஒரு வழி: வாரத்தில் ஒருநாள் ஒரு விளம்பரத்தையும் ஓர் அரசியல் அறிக்கையையும் எடுத்து, முடிவை ஒரு வரியிலும் காரணத்தை இன்னொரு வரியிலும் எழுதுங்கள். இடையில் ‘ஆகவே’ என்று போட்டு உரத்து வாசியுங்கள். பெரும்பாலான போலிகள் அந்த ‘ஆகவே’யில் இடறும். பிறகு, நீங்கள் ஆதரிக்கும் ஒருவரின் அறிக்கையை எடுத்து அதே வேலையைச் செய்யுங்கள். அங்கேயும் இடறினால் அதையும் எழுதிவையுங்கள்.